எம்பஸி கவுன்ட்டரில் மூன்று ஸ்பெல்லிங்கோடு நின்ற பூங்குழலி: பெயர் ஒத்துப்போகாத ஆவணங்களைச் சரிசெய்வது எப்படி?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா மூன்று தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், நர்ஸிங் பட்டம். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இதுல POONGUZHALI. இதுல POONKUZHALI. இதுல PUNGULALI. இதுல உங்க பேரு எதும்மா?"

"எல்லாமே நான்தான் மேடம். ஸ்கூல்ல தப்பா எழுதிட்டாங்க. முனிசிபாலிட்டியிலயும் தப்பா அடிச்சிட்டாங்க."

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒரு சீட்டை நீட்டினார். விண்ணப்பத்தை மறுக்கவில்லை. பெயர் வேறுபாட்டுக்கு விளக்கமும் ஆதாரமும் கொண்டுவரச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அன்று இரவு கும்பகோணம் பஸ்ஸில் திரும்பி வந்து, மறுநாள் காலை பூங்குழலி என் வீட்டு வாசலில் நின்றாள். பாஸ்போர்ட், விசா ஃபாரம் நிரப்பித் தருவதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். இந்தச் சிக்கலோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். (அவளுடைய உண்மையான பெயர் வேறு. அதே மாதிரி சிக்கல் வரக்கூடிய இன்னொரு பெயரை இங்கே போட்டிருக்கிறேன்.) அவளுக்கு நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். முதல் முறையாக வெளிநாட்டு விசாவுக்கு ஆவணம் சேர்க்கிறவர்கள், எம்பஸிக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

எதையும் மாற்றும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

பூங்குழலி வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, கெஜட்ல போட்டுடலாமா?" என்பதுதான். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்து, கையில் இருக்கும் ஒவ்வொரு ஆவணத்திலும் தன் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக எழுதச் சொன்னேன். இடைவெளி இருந்தால் இடைவெளியோடு, இனிஷியல் இருந்தால் இனிஷியலோடு. கூடவே அப்பா பெயர், பிறந்த தேதி. ஆங்கிலத்தில் எப்படி, தமிழில் எப்படி என்று இரண்டும்.

அவள் எழுதியது இது. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் POONGUZHALI, சர்நேம் MUTHUSAMY. நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் POONKUZHALI, அப்பா பெயர் MUTHUCHAMY. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் PUNGULALI M. அதையே பார்த்து பன்னிரண்டாம் வகுப்பிலும், அதைப் பார்த்து கல்லூரிப் பட்டத்திலும், பட்டத்தைப் பார்த்து நர்ஸிங் கவுன்சில் பதிவிலும் PUNGULALI M. வெளிநாட்டு மருத்துவமனை அனுப்பிய வேலை ஒப்பந்தமும் மொழித் தேர்வுச் சான்றும் பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்தவை. அதனால் அவை POONGUZHALI MUTHUSAMY.

இப்படி எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. 'பெயர் மூன்று விதமாக இருக்கிறது' என்பது ஒரே சிக்கல் மாதிரித் தோன்றும். உள்ளே இருப்பது தனித்தனி வகைச் சிக்கல்கள். பூங்குழலி என்ற தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் வந்த வேறுபாடு ஒன்று. இனிஷியல் விரிந்து அப்பா பெயராக மாறியது இன்னொன்று. அப்பா பெயரிலேயே SAMY, CHAMY என்று இருப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மொத்தமாக ஒரே அஃபிடவிட்டில் 'எல்லாம் நானே' என்று எழுதிக்கொண்டு போனால், எந்த வேறுபாட்டுக்கு எது ஆதாரம் என்று எதிரே இருக்கிறவருக்குப் புரியாது.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்

கவுன்ட்டரில் பூங்குழலி சொன்ன பதிலில்தான் சறுக்கல் இருந்தது. "தப்பா எழுதிட்டாங்க" என்று சொன்னவுடன், அவள் காட்டிய ஆவணத்தையே பிழையான ஆவணம் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பிழையான ஆவணத்தை வாங்கிக்கொள்ள எந்த அதிகாரி முன்வருவார்?

நடந்தது வேறு. பூங்குழலி என்று தமிழில் எழுதினால் ஒரே மாதிரிதான் எழுத முடியும். ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்று இடத்தில் வழி பிரிகிறது. 'பூ' என்பதை POO என்றும் எழுதலாம், PU என்றும் எழுதலாம். 'ங்கு' என்று வரும்போது நாம் எழுதுவது ககரம், வாயில் வருவது 'கு' அல்ல, மெலிந்து GU போல ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து எழுதியவர் K போட்டார், காதால் கேட்டு எழுதியவர் G போட்டார். ழகரத்தைக் கேட்கவே வேண்டாம். ZH என்று சிலர், பள்ளிக்கூடத்து ஆசிரியர் மாதிரி வெறும் L என்று சிலர்.

இதில் எது சரி என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டது. பலத்த விமர்சனம் வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஊருக்கே முடிவு ஆகாதபோது, ஒரு பெண்ணின் பெயர் மூன்று அலுவலகத்தில் மூன்று விதமாக ஆனதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இது: "என் பெயர் தமிழில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் வேறு வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் என் பெயர் இருக்கும் ஆவணங்கள் இதோ." யார் மீதும் பழி இல்லை, ஆவணங்களின் மதிப்பும் குறையவில்லை. கேட்கிறவருக்குச் சரிபார்க்கவும் ஒரு வழி கிடைக்கிறது.

ஒரு ஸ்பெல்லிங்கை அச்சாணியாக வையுங்கள்

அடுத்து, எந்த ஸ்பெல்லிங்கை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். எது அழகாக இருக்கிறது, எது பிடிக்கும் என்று பார்க்கக் கூடாது. பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் அச்சாணி. விசா பாஸ்போர்ட்டில்தான் வருகிறது. விமான டிக்கெட் அதன்படிதான் போட வேண்டும். போய் இறங்கிய ஊரில் வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை எல்லாமே அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள்.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி அம்புக்குறிகளோடு இருக்குமே, இயந்திரம் படிக்கும் வரி, அதையும் ஒரு முறை பாருங்கள். பூங்குழலியின் முதல் வரி இப்படி இருந்தது:

```
P<INDMUTHUSAMY<<POONGUZHALI<<<<<<<<<<<<<<<<<
```

முதலில் பாஸ்போர்ட்டைக் குறிக்கும் P, அடுத்து நாடு, பிறகு சர்நேம், இரண்டு குறிகள், பிறகு கிவன் நேம். மொத்தம் 44 இடங்கள். விமான நிலையத்திலும் எம்பஸியிலும் கணினிக்குள் போவது இந்த வரிதான். இதில் இருக்கிற மாதிரியேதான் விசா ஃபாரத்தில் அடிக்க வேண்டும். "ஸ்கூல்ல இனிஷியல் M தானே" என்று நினைத்து ஃபாரத்தில் M என்று போட்டுவிட்டால் நான்காவதாக ஒரு பெயர் பிறந்துவிடும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட மாட்டார்கள். விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இந்த இனிஷியல் வேறுபாடு கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. எம்பஸிகளுக்கும் அது பழகிப்போன விஷயம். M என்பது MUTHUSAMY என்று காட்ட, அப்பா பெயர் முழுதாக இருக்கும் ஒரு பள்ளி ஆவணம் போதும். இதற்காகப் பயப்பட வேண்டாம்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப்பெயரையும் கிவன் நேமில் போட்டு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனியுங்கள். பெயர் ஒரே சொல்லாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் FNU என்று வந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று விதி கொண்டுவந்தது. புதிதாக பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் அப்பா பெயரையோ வேறு குடும்பப் பெயரையோ சர்நேமில் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

எப்போது பாஸ்போர்ட்டையே மாற்றலாம்? பாஸ்போர்ட் ஒன்று மட்டும் தனியாக நின்று, மற்ற எல்லாம் ஒரே ஸ்பெல்லிங்கில் இருந்தால் மாற்றலாம். ரீ-இஷ்யூ என்று விண்ணப்பித்து, சொந்த விவரத்தில் மாற்றம் என்று காரணம் காட்ட வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். ஆனால் புது எண்ணோடு புதுப் புத்தகம் வரும். பழைய எண்ணைச் சொல்லி வாங்கிய ஒப்பந்தம், தேர்வுச் சான்று எல்லாவற்றுக்கும் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பூங்குழலிக்கு விசா விண்ணப்பமே நடுவில் நின்றிருந்தது. அந்த நிலையில் பாஸ்போர்ட்டைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தமிழ் வரிதான் பாலம். அது ஒழுங்காக இருக்கிறதா?

இதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான இடம். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

மூன்று ஆங்கில ஸ்பெல்லிங்கையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டுவது தமிழில் இருக்கும் பெயர். பூங்குழலியின் பிறப்புச் சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் தமிழில் இருந்தது. இரண்டிலும் 'பூங்குழலி' என்றே இருந்தது. பிறந்த தேதியும் ஒன்றே. இந்த இரண்டும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஆதாரை எடுத்துப் பார்த்தோம். ஆங்கிலத்தில் PUNGULALI. அதற்கு மேலே தமிழில் 'புங்குலலி' என்று இருந்தது!

இது நிறையப் பேருடைய ஆதாரில் நடந்திருக்கிறது. பதிவு செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்தால் கணினியே தமிழாக்கிக் காட்டும். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்துத் திருத்தச் சொல்லாவிட்டால் அப்படியே அச்சாகிவிடும். ழகரம் லகரமாகிவிடும், நெடில் குறிலாகிவிடும். இந்த அட்டையை ஆதாரமாகக் கொண்டுபோனால் "தமிழிலும் உங்கள் பெயர் வேறாக இருக்கிறதே" என்ற புதுக் கேள்வி வரும். தமிழ்தான் பாலம் என்று சொல்லிவிட்டு, பாலத்திலேயே ஓட்டை இருந்தால் எப்படி?

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அவசரப்பட்டு இன்றைக்கு ஒரு ஸ்பெல்லிங், கல்யாணத்துக்குப் பிறகு ஒன்று, வெளிநாடு போகும்போது ஒன்று என்று செலவழித்துவிடாதீர்கள். முதலில் அச்சாணி எது என்று முடிவு செய்துவிட்டு, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே தடவையில் திருத்துங்கள். பூங்குழலி பாஸ்போர்ட்டை ஆதாரமாகக் காட்டி இரண்டையும் சேர்த்து மாற்றினாள். திரையில் காட்டும்போது எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

பிறப்புச் சான்றிதழைத் திருத்தினோம், பட்டத்தைத் தொடவில்லை

எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஆவணத்தை மாற்றினால் அதைப் பார்த்து எழுதிய எத்தனை ஆவணங்கள் கூடவே மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பூங்குழலியின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதியது எதுவுமே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது அதைக் காட்டவே இல்லையாம். அதனால் அதை மாற்றினால் வேறு எதுவும் ஆடாது. பட்டம் அப்படி இல்லை. பல்கலைக்கழகம் பள்ளிச் சான்றிதழைக் கேட்கும். பள்ளிச் சான்றிதழை மாற்ற, படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். பத்து, பன்னிரண்டு, பட்டம், நர்ஸிங் கவுன்சில் என்று நான்கு படி. மாதக்கணக்கில் இழுக்கும். வேலை கொடுக்கிறவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்.

பிறப்புச் சான்றிதழுக்கு 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு வழி தருகிறது. பதிவாளர் பிழை என்று ஏற்றுக்கொண்டால், பழைய பதிவை அழிக்காமல் பக்கத்தில் ஓரக்குறிப்பாகத் திருத்தத்தை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். பிறகு திருத்திய சான்றிதழ் கிடைக்கும். பழைய பதிவு அழியாமல் இருப்பது நமக்கு நல்லதுதான். யாராவது பழைய சான்றிதழைக் கேட்டாலும் தொடர்ச்சி தெரியும்.

நகராட்சி அலுவலகத்துக்கு அவள் கொண்டுபோனவை: பழைய சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பாவின் வாக்காளர் அட்டை, ஒரு விண்ணப்பக் கடிதம். கடிதத்தில் ஒன்றை மட்டும் கவனமாக எழுதினோம். 'பெயரை மாற்ற வேண்டும்' என்று எழுதவில்லை. 'தமிழில் உள்ள பெயர் சரி, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் திருத்த வேண்டும்' என்று எழுதினோம். பெயரையே மாற்றுவதும் எழுத்துக்கூட்டலைத் திருத்துவதும் பதிவாளருக்கு வேறு வேறு வேலை. முதலாவது என்று நினைத்துவிட்டால் வேறு வழியைக் காட்டி அனுப்பிவிடுவார்.

அப்பா பெயரில் MUTHUCHAMY என்று இருந்ததையும் அதே கடிதத்தில் சேர்த்துத் திருத்தினோம். பலர் தங்கள் பெயரை மட்டும் திருத்திக்கொண்டு வந்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர்கள் இருக்கின்றன. அதையும் அதிகாரி பார்ப்பார். இரண்டாவது முறை நகராட்சிக்கு அலைய வேண்டியிருக்கும்.

பிறப்புப் பதிவில் பெயரே எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு விஷயம். பெயர் சேர்த்தல் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கெஜட் யாருக்கு?

அவள் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். இன்னார், இன்னாருடைய மகள், இந்தத் தேதியில் பிறந்தவர், இந்த மாவட்டத்தைச் சொந்த மாவட்டமாகக் கொண்டவர், இனிமேல் இந்தப் பெயரால் அறியப்படுவார் என்று இருக்கும்.

அந்த 'இனிமேல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது இன்றிலிருந்து முன்னோக்கிப் போகிறது. பூங்குழலி என்றும் அதே பூங்குழலிதான். அவள் புதுப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. அரசிதழில் போட்டிருந்தால், இல்லாத பெயர் மாற்றம் ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொண்ட மாதிரி ஆகும். பிறகு எல்லா ஆவணத்தையும் புதுப் பெயருக்கு மாற்று என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

பெயர் உண்மையிலேயே வேறாக இருந்தால் அரசிதழ்தான் வழி. பள்ளியில் 'லட்சுமி', வீட்டிலும் மற்ற ஆவணங்களிலும் 'கலைச்செல்வி' என்பது மாதிரி இருந்தால் எந்த அஃபிடவிட்டும் தாங்காது. எண்கணிதம் பார்த்து எழுத்தைச் சேர்த்தவர்களுக்கும் அதுவே. தமிழில் எழுதினாலும் பெயர் வேறாக வருகிறதா என்று பாருங்கள். தமிழிலும் வேறு என்றால் அரசிதழ். தமிழில் ஒன்றே என்றால் அது தேவைப்படுவது அபூர்வம்.

அஃபிடவிட்டை எப்படி எழுதுவது

பட்டத்தை மாற்றவில்லை அல்லவா? அதனால் பாஸ்போர்ட்டுக்கும் பட்டத்துக்கும் இடையே ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. கோர்ட்டு வாசலில் தயாராக அடித்து வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் நிரப்பித் தருவார்கள். 'மேற்சொன்ன பெயர்கள் யாவும் என்னையே குறிக்கும்' என்று ஒரே வரி. அது போதாது. எந்தப் பெயர் எந்த ஆவணத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று தனித்தனியாக வர வேண்டும். நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

"என் பெயர் தமிழில் பூங்குழலி. என் தந்தை பெயர் முத்துசாமி. என் பாஸ்போர்ட்டில் (எண் …) என் பெயர் POONGUZHALI MUTHUSAMY என்று உள்ளது. என் பத்தாம் வகுப்பு (பதிவெண் …), பன்னிரண்டாம் வகுப்பு (பதிவெண் …), பட்டச் சான்றிதழ் (எண் …), நர்ஸிங் கவுன்சில் பதிவு (எண் …) ஆகியவற்றில் PUNGULALI M என்று உள்ளது. இந்த வேறுபாடு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறையால் வந்தது. M என்பது என் தந்தை பெயரின் முதல் எழுத்து. எல்லா ஆவணங்களிலும் என் பிறந்த தேதி ஒன்றே. இவை யாவும் என் ஒருத்தியையே குறிக்கின்றன. இனி POONGUZHALI MUTHUSAMY என்ற எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துவேன்."

முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். அது வேறாக இருந்தால் அதற்கு இன்னொரு விளக்கம் தேட வேண்டிவரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அஃபிடவிட் என்பது நம்மைப் பற்றி நாமே சொல்வது. தனியாகக் கொடுத்தால் அதற்கு எடை குறைவு. பூங்குழலி படித்த பள்ளிக்குப் போய், சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கினாள். பதிவேட்டில் தமிழில் பூங்குழலி, தந்தை முத்துசாமி, பிறந்த தேதி இது, மதிப்பெண் சான்றிதழில் PUNGULALI M என்று குறிப்பிடப்பட்டவர் இவரே என்று நான்கு வரி, பள்ளி முத்திரையோடு. அவளுக்கு உண்மையில் கை கொடுத்தது இந்தக் கடிதம்தான் என்று நினைக்கிறேன். இது அவளைத் தவிர வேறொருவர், அதுவும் அந்த ஸ்பெல்லிங்கை எழுதிய இடமே சொல்வது.

தமிழில் இருந்த மாற்றுச் சான்றிதழையும் பள்ளிக் கடிதத்தையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பார்கள் என்பது எம்பஸிக்கு எம்பஸி மாறும். அவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்து, பெயரை அதன்படியே எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி Poonkulali என்று எழுதிவிடுவார். அப்புறம் அது ஐந்தாவது பெயர்.

ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள், அந்த ஊர் இந்தியத் தூதரகத்தில் அஃபிடவிட்டை அதிகாரி முன்னால் கையெழுத்திட்டுச் சான்று வாங்க முடியுமா என்று கேளுங்கள். ஊருக்கு வர வேண்டிய அவசியம் பல நேரம் இருக்காது.

ஃபாரத்தில் மறைக்க வேண்டாம்

முதல் முறை விண்ணப்பித்தபோது பூங்குழலி 'வேறு பெயர்கள் உண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டிருந்தாள். உண்டு என்று போட்டால் சந்தேகப்படுவார்கள் என்ற பயம். பல நாட்டு விசா ஃபாரங்களில் இந்தக் கேள்வி இருக்கிறது. அமெரிக்காவின் DS-160 ஃபாரம் வேறு பெயர்களைக் கேட்கும். சொந்த மொழி எழுத்தில் முழுப்பெயரை எழுதவும் தனி இடம் தரும். இணைக்கும் ஆவணத்தில் வேறு ஸ்பெல்லிங் இருக்கும்போது 'இல்லை' என்று போட்டால், எழுத்துக்கூட்டல் வேறுபாடு என்ற சின்ன விஷயம், தகவலை மறைத்தார் என்ற பெரிய விஷயமாக மாறிவிடலாம். இரண்டு ஸ்பெல்லிங்கையும் எழுதி, 'ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடு' என்று குறிப்பு சேர்த்தாள். சொந்த மொழி எழுத்தைக் கேட்டால் தமிழில் எழுத மறக்காதீர்கள். அந்த ஒரு வரியே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும்.

மறுபடியும் கவுன்ட்டரில்

இரண்டாவது முறை போகும்போது எல்லா ஆவணங்களையும் ஒரே கட்டாகக் கட்டி எடுத்துப் போகவில்லை. மேலே ஒரு பக்க விளக்கக் கடிதம். அதன் கீழே, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் அதன் ஆதாரம் அடுத்தடுத்து: திருத்திய பிறப்புச் சான்றிதழோடு பழையதன் நகல், பட்டத்தோடு அஃபிடவிட், அதன் பின்னால் பள்ளிக் கடிதமும் மொழிபெயர்ப்பும். தமிழில் 'பூங்குழலி' என்று இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் நகலில் மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு. அசலில் எதுவும் கிறுக்கக் கூடாது.

அதே அம்மாதான் இருந்தாராம். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது பூங்குழலிக்கு அதிர்ஷ்டம்தான். பென்சில் கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பள்ளிக் கடிதத்தை இரண்டு தடவை படித்திருக்கிறார். "ஸ்கூலுக்கு நீங்களே போய் வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். வேறு கேள்வி வரவில்லை.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று அவள் அங்கேயே நின்று, நான் சொல்லி அனுப்பியபடி, விசாவில் இருக்கும் பெயரை விரல் வைத்துப் படித்திருக்கிறாள். விசாவில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே சொல்லித் திருத்துவதுதான் எளிது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. பின்னால் நின்றவர் "தள்ளும்மா" என்றாராம். அவள் தள்ளவில்லை. P, O, O, N, G, U, Z, H… கடைசி I வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டை மூடிப் பைக்குள் வைத்தாளாம்.